ஷ்வாகர் வட்டத்துக்குள் யார், வெளியே யார்? ஜெர்மன் உறவுப் பெயர்கள் பற்றிய கேள்வி பதில்

மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவி: ஷ்வாகர் என்றால் ‘பிரதர் இன் லா’ என்று அகராதியில் இருக்கிறது. அப்படியிருக்க, ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லை என்று ஏன் சொல்கிறார்கள்?

உங்கள் அகராதி தவறு சொல்லவில்லை. கணவனின் சகோதரர், மனைவியின் சகோதரர், உடன்பிறந்தவளின் கணவர் ஆகிய மூவரையும் ஷ்வாகர் என்றே ஜெர்மன் அழைக்கிறது; அம்மூவருக்கும் ஆங்கிலச் சொல்லும் பொருந்துகிறது. வேறுபாடு எல்லையில்தான் இருக்கிறது. மனைவியின் தங்கையை மணந்தவரையும் ஆங்கிலேயர் அதே சொல்லால் தாராளமாகக் குறிப்பிடுவார்கள். கவனமாகப் பேசும் ஜெர்மானியருக்கோ அவர் ஷ்வாகர் அல்லர், ஷ்விப்ஷ்வாகர். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகக் கிடைக்காதது இந்த இரண்டாவது வட்டத்துக்கான பெயர்தான்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அன்னாவும் மரியாவும் சகோதரிகள். அன்னாவின் கணவர் தாமஸ், மரியாவின் கணவர் பீட்டர், பீட்டரின் தம்பி மார்ட்டின். அன்னாவுக்குப் பீட்டர் ஷ்வாகர். தாமஸுக்கு மரியா, பெண்பால் வடிவத்தில், ‘ஷ்வேகரின்’. இவை இரண்டிலும் ஒரே ஒரு திருமணத்தைத்தான் கடக்கிறோம். தாமஸிடமிருந்து பீட்டரிடம் போக வேண்டுமானால் தாமஸின் திருமணம், பீட்டரின் திருமணம் என இரண்டைக் கடக்க வேண்டும்; ஆகவே அவர்கள் ஒருவருக்கொருவர் ஷ்விப்ஷ்வாகர். நாம் சகலை என்போம். ஆனால் ஷ்விப்ஷ்வாகர் அத்துடன் நிற்பதில்லை. அன்னாவுக்கு மார்ட்டினும், அதாவது தங்கை கணவரின் தம்பியும், ஷ்விப்ஷ்வாகரே; இங்கே கடப்பது ஒரே திருமணம்தான் என்றாலும், அதன் இருபுறமும் உடன்பிறப்பு உறவு இருக்கிறது. சகலை என்ற சொல் அவ்வளவு தூரம் நீளாது.

ஜெர்மன் மொழி ஆர்வலர்: ‘ஷ்விப்ஸ்’ என்றால் லேசான போதை. விருந்தில் சேர்ந்து குடிக்கும் உறவு என்பதால்தானே ஷ்விப்ஷ்வாகர் என்று பெயர் வந்தது?

நீங்கள் பாதி தூரம் சரியாக வந்திருக்கிறீர்கள். இரண்டு சொற்களுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. ஊசலாடுதல், தளும்புதல் என்ற பொருளுடைய ‘ஷ்விப்பன்’ என்னும் வினையே இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. குடித்தவர் தள்ளாடுவதால் அங்கே ஷ்விப்ஸ் என்றானது. இங்கே உறவு நேராக வராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து வருவதால் அதே ஒலி முன்னொட்டாக அமைந்தது. விருந்துக் கதை பின்னாளில் சேர்ந்த விளக்கம். இது பேச்சுவழக்குச் சொல் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரசு ஆவணங்களில் இதைக் காண மாட்டீர்கள்.

ஜெர்மனியில் உரைபெயர்ப்பாளராகப் பணிபுரிபவர்: ஒரு குற்ற வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் தன் சகலை என்று தமிழ்ச் சாட்சி ஒருவர் சொன்னார். அந்த நேரத்தில் ‘ஷ்வாகர்’ என்று சொல்லிவிட்டேன். பெரிய பிழையா?

சட்டத்தின் கண்ணில் பெரிய பிழைதான். ஏனென்று விரிவாகச் சொல்கிறேன். 1900 முதல் நடைமுறையில் இருக்கும் ஜெர்மன் குடிமைச் சட்டத் தொகுப்பின் 1590-ஆம் பிரிவு, கணவன் அல்லது மனைவியின் இரத்த உறவினர்கள் மற்றவருக்குத் திருமணவழி உறவினர் என்கிறது. இரத்த உறவினர் என்பதுதான் அங்கே திறவுகோல். மரியா அன்னாவின் இரத்த உறவு. எனவே தாமஸுக்குத் திருமணவழி உறவு. பீட்டர் அன்னாவின் இரத்த உறவு அல்லர். எனவே சட்டப்படி தாமஸுக்கு அவர் எந்த உறவும் அல்லர்.

குற்ற வழக்கு நடைமுறைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பக்கவழியில் இரண்டாம் படி வரையுள்ள திருமணவழி உறவினருக்குச் சாட்சி சொல்ல மறுக்கும் உரிமையைத் தருகிறது. படியைக் கணக்கிடப் பிறப்புகளை எண்ணுகிறார்கள். அன்னாவின் பிறப்பு ஒன்று, மரியாவின் பிறப்பு ஒன்று, ஆக இரண்டு. எனவே சகோதரிகள் இரண்டாம் படி உறவு, மரியா தாமஸுக்கு இரண்டாம் படித் திருமணவழி உறவு. தாமஸ் மீது வழக்கு வந்தால் மரியா வாய் திறக்க மறுக்கலாம். பீட்டருக்கு இந்தப் பிரிவின்படி அவ்வுரிமை கிடையாது. அன்னா மீது வழக்கு வந்தாலோ பீட்டர் மறுக்கலாம், ஏனெனில் அவர் அன்னாவுக்கு உண்மையான ஷ்வாகர்.

நீங்கள் ஷ்வாகர் என்று சொன்னதைக் கேட்டு, சாட்சி மறுக்கும் உரிமை அவருக்கு உண்டென்று நீதிபதி அறிவுறுத்தியிருக்கக்கூடும். பிழை பதிவாகியிருந்தால் தாமதமானாலும் நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். இனி அத்தகைய இடத்தில் ஒற்றைச் சொல்லைத் தேடாமல், ‘என் மனைவியின் சகோதரியின் கணவர்’ என்று விரித்தே சொல்லுங்கள்.

அதே உரைபெயர்ப்பாளர்: மணமுறிவு நடந்திருந்தால்?

எதுவும் மாறாது. திருமணம் முறிந்தாலும் அதன் வழியே உண்டான உறவு நீடிக்கும் என்று 1590-ஆம் பிரிவின் இரண்டாம் பத்தியே சொல்கிறது. 52-ஆம் பிரிவும் உறவினராக இருப்பவரோடு இருந்தவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. மணமுறிவுக்குப் பின்னும் மரியா தாமஸுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுக்கலாம். பேச்சில் ‘முன்னாள் ஷ்வாகர்’ என்று மக்கள் சொல்வது உண்டு. சட்டத்தில் அப்படி ஒருவர் இல்லை.

மொழித் தேர்வுக்குப் படிப்பவர்: என் பாடநூலில் ‘அவள் மூன்று மாதமாக ஷ்வாகர்’ என்று ஒரு வரி வருகிறது. இது என்ன உறவு?

அந்த வரியை மறுபடியும் பாருங்கள்; நடுவில் ‘ங்’ ஒலி இருக்கும். அது ஷ்வாங்கர், கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். இரண்டு சொற்களுக்கும் வேரில் தொடர்பு இல்லை. ஷ்வாகரில் ‘வா’ நெடிலாக நீண்டு ஒலிக்கும், ஷ்வாங்கரில் உயிர் குறுகியே ஒலிக்கும். ஒரு எழுத்து எத்தனை பொருளை மாற்றுகிறது என்பதால், எழுதும்போதும் கவனமாக இருங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: நம்மைப் போலவே ஜெர்மன் மொழியும் தாய்வழியையும் தந்தைவழியையும் பிரித்துப் பெயரிடுகிறது என்று படித்தேன். சரிதானே?

பிரித்தது, ஐயா, இப்போது பிரிப்பதில்லை. பழைய ஜெர்மனில் தாயின் சகோதரன் ஓஹைம், தாயின் சகோதரி மூமெ, தந்தையின் சகோதரன் ஃபெட்டர், தந்தையின் சகோதரி பாசெ. மாமன், சித்தி, சிற்றப்பன், அத்தை என்று நாம் வகுப்பதற்கு இது வெகு அருகில் இருந்தது. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த ஓங்கிள், டான்ட்டெ என்ற சொற்கள் 17-ஆம் நூற்றாண்டு முதல் பரவி, இருபக்கத்தையும் ஒன்றாக்கிவிட்டன. ஃபெட்டர் இறந்துபோகவில்லை, ஆனால் பொருள் மாறி, பெற்றோரின் உடன்பிறந்தார் மகனைக் குறிக்கிறது. எனக்கு இது உண்மையான இழப்பாகவே படுகிறது. ஒரு மொழி தன்னிடமிருந்த நுட்பத்தைக் கைவிட்டுவிட்டு, அது தன்னிடம் இருந்ததையே மறந்து நிற்கிறது.

திருமணவழி உறவிலும் இப்படி நடந்திருக்கிறது. மாமனார் ஷ்வேயர், மாமியார் ஷ்வீகர், மருமகன் ஐடாம், மருமகள் ஷ்னூர் என நான்கு தனிச்சொற்கள் இருந்தன. மத்தேயு நற்செய்தியில் மருமகள் மாமியாருக்கு எதிராக நிற்கும் வசனத்தை, லூத்தரின் 1545 பதிப்பு ஷ்னூர், ஷ்வீகர் என்றே தருகிறது. பின்னர் ஷ்வீகர் என்றால் மாமியார் என்ற உணர்வு மங்கியதும் அதனோடு ‘தாய்’ என்பதைச் சேர்த்து ஷ்வீகர்முட்டர் என்றார்கள். அந்த அச்சிலேயே மாமனார், மருமகன், மருமகள் எல்லோருக்கும் பெயர் வார்த்துவிட்டார்கள். இன்றைய ஷ்வீகர்ஃபாட்டர் என்னும் மாமனாரின் பெயருக்குள் பழைய மாமியார் ஒளிந்திருக்கிறார்.

சமஸ்கிருதம் அறிந்த வாசகர்: ஷ்வேயர் என்பது ‘ச்வசுர’ அல்லவா? அப்படியானால் ஷ்வாகர் அதன் வழித்தோன்றலாக இருக்க வேண்டுமே.

மிகச் சரியாகப் பிடித்தீர்கள். ஷ்வேயர், லத்தீனின் ‘சோக்கெர்’, சமஸ்கிருதத்தின் ‘ச்வசுர’, அது தமிழில் வழங்கிய வடிவமான சுவசுரன், எல்லாம் ஒரே கொடியில் காய்த்தவை. முதல் உயிரை நீட்டி ‘அவரைச் சேர்ந்தவர்’ என்ற பொருளைப் பெறும் பழைய முறைப்படி, மாமனாரைச் சேர்ந்தவர், அதாவது மாமனார் மகன் என்று ஷ்வாகர் உருவானதாகப் பெரும்பாலோர் விளக்குகிறார்கள். இருந்தாலும் இடைக்கால ஜெர்மனில் அதே சொல் மாமனாரையும் மருமகனையும்கூடக் குறித்திருக்கிறது. எனவே பழைய ஆவணத்தில் இச்சொல்லைக் கண்டால் இன்றைய பொருளை ஏற்றிப் படிக்கக் கூடாது. வண்டியோட்டியைக்கூட அக்காலப் பயணிகள் ஷ்வாகர் என்று விளித்தார்கள். 1774-இல் கோதே எழுதிய கவிதையில் காலதேவனே ஷ்வாகர் என்று அழைக்கப்படும் வண்டியோட்டியாக வருகிறான். உறவுச் சொல் அந்தத் தொழிலுக்கு எப்படிப் போனது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

ஜெர்மனியில் மகளை மணமுடித்துக் கொடுத்த தாய்: மருமகனின் பெற்றோரைப் பிறருக்கு அறிமுகப்படுத்தும்போது சம்பந்தி என்பதற்கு என்ன சொல்வது? அவர்களே தடுமாறுகிறார்கள், அம்மா.

தடுமாறுவது இயல்புதான். கேகன்ஷ்வீகர் என்று ஒரு சொல் உண்டு. ஆனால் அது அரிதாகவே வழங்குவதால், பல ஜெர்மானியர்களுக்கே அதை விளக்க வேண்டியிருக்கும். ‘என் மருமகனின் பெற்றோர்’ என்று சொல்லுங்கள், யாருக்கும் குறையாகத் தோன்றாது. நேரில் அழைக்கும்போது அவர்கள் பெயர் சொல்லி அழைப்பதையே எதிர்பார்ப்பார்கள். ஷ்வாகரும் அப்படித்தான்; அது பெரும்பாலும் ஒருவரைப் பற்றிப் பிறரிடம் சொல்லும் சொல்லேயன்றி, மச்சான், அத்தான் போல முகம் பார்த்து அழைக்கும் சொல் அன்று.

முதலில் கேட்ட மாணவி: நான் மொழிபெயர்க்கும் கதையில் ஷ்வாகர் யார் என்றே ஆசிரியர் சொல்லவில்லை. மைத்துனர் என்று போடலாமா?

மைத்துனர்தான் நம்மிடம் உள்ளவற்றில் மிக நெருங்கியது. மனைவியின் சகோதரன், கணவனின் சகோதரன், உடன்பிறந்தாள் கணவன் ஆகிய மூவருக்கும் அகராதிகள் அதைத் தருகின்றன. ஆனால் இன்றைய வாசகர் காதில் அது முதலில் மனைவியின் சகோதரனாகவே ஒலிக்கிறது; மாமன் மகனும் அதற்குள் அடங்குவதால், ஜெர்மன் சொல்லில் இல்லாத ஓர் இரத்த உறவும் சேர்ந்து வந்துவிடுகிறது. நான் ஒருமுறை முதல் அத்தியாயத்தில் கொழுந்தன் என்று எழுதிவிட்டு, மூன்றாவது அத்தியாயத்தில் அவர் அக்காவின் கணவர் என்று தெரிந்து, அச்சுக்குப் போகும் முன் எல்லா இடங்களிலும் திருத்தினேன். எனவே முதலில் கதையை முடிவு வரை படித்து, யாருடைய வீட்டில் யார் பிறந்தார் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். அப்போதும் தெளியாவிட்டால் மைத்துனர் என்றே வையுங்கள். அக்கா, தங்கை, மூத்தவர், இளையவர் என்ற குறிப்பு எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.