10 ஸ்லைட் போட்டும் 2 சேவ்தான்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். இன்ஸ்டாகிராமில் கூட்டு வட்டிப் பாடத்தை 10 ஸ்லைட் கரோசலாகப் போட்டேன். லைக் 48, சேவ் 2, ஷேர் ஒன்றுமில்லை. மாதம் 15,000 ரூபாய் தந்தால் சேவும் ஷேரும் ஏற்றித் தருவதாக மட்டக்களப்பில் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? இல்லாவிட்டால் ஸ்லைட்களைக் குறைக்க வேண்டுமா? போஸ்டையும் அதன் கணக்கு விபரத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

காசைக் கொடுக்காதீர்கள் டீச்சர். ஸ்லைட்களைக் குறையுங்கள், ஆனால் அதைவிட முதலில் அவற்றின் வரிசையை மாற்றுங்கள்.

அந்த ஏற்றித் தருகிற ஆளைப் பற்றிச் சொல்லிவிட்டே பாடத்துக்கு வருகிறேன். மாதம் இரண்டு மூன்று பேராவது இதே கதையோடு என்னிடம் வருகிறார்கள். போன வருடம் ஒரு தையல் வகுப்புக் கணக்கைப் பார்த்துத் தரும்படி கேட்டார்கள். ஒரு போஸ்டுக்கு 400 சேவ். வாயைப் பிளந்தேன். கீழே பார்த்தால் அந்தப் போஸ்ட் போய்ச் சேர்ந்த கணக்குகள் 380. பார்த்தவர்களைவிடச் சேவ் பண்ணியவர்கள் கூட! கடைக்கு 380 பேர் வந்தார்கள், 400 பேர் சாமான் வாங்கினார்கள் என்றால் கல்லாவில் இருப்பவரே நம்பமாட்டார். ஏற்றியவர் எங்கேயோ உள்ள வெற்றுக் கணக்குகளை மொத்தமாக வாங்கி விட்டிருக்கிறார். அந்தக் கணக்குகள் ஸ்லைட்டை நகர்த்திப் பார்ப்பதில்லை, நின்று வாசிப்பதில்லை, வகுப்புக்கு ஒரு பிள்ளையைக் கூட்டி வருவதுமில்லை. இப்படி வாங்குவது இன்ஸ்டாகிராமின் விதிக்கும் எதிரானது. பிடிபட்டால் அடி விழுவது உங்கள் கணக்குக்கு, அவருக்கு அல்ல.

சரி, சேவ் என்றால் என்ன, ஷேர் என்றால் என்ன? பிள்ளை ஒன்று சேவ் பண்ணினால் 'இது எனக்குப் பிறகு தேவைப்படும்' என்று அர்த்தம். பரீட்சைக்கு முதல் நாள் மீட்டலுக்கு எடுத்துப் பார்க்கும் சாமான் அது. ஷேர் அப்படியல்ல. ஒரு ஆளின் முகம் ஞாபகத்துக்கு வந்தால்தான் அந்தக் காகித விமானப் படத்தைத் தட்டுவார்கள். 'டேய், போன சோதனையில் நீ விட்ட பிழை இதுதான்' என்று அனுப்பத் தோன்ற வேண்டும். சூத்திரப் பட்டியலைச் சேவ் பண்ணுவார்கள், ஆனால் அனுப்பமாட்டார்கள். எல்லாரும் விடும் பிழையைக் காட்டினால் அனுப்புவார்கள்.

'சேவ்தான் ராஜா' என்று இன்னும் படிப்பித்துக்கொண்டு திரிகிறார்கள். 2021-இல் இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி எழுதிய விளக்கத்தில் சேவும் முக்கியமானவற்றுள் ஒன்றாக இருந்தது உண்மை. 2025 ஜனவரியில் அதே மனிதர் மூன்றை மட்டும் முன்னே வைத்தார்: எவ்வளவு நேரம் பார்த்தார்கள், பார்த்தவர்களில் எத்தனை பேர் லைக் போட்டார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள். உங்களைப் பின்தொடராதவர்களிடம் போஸ்ட் போய்ச் சேர அனுப்புதல்தான் கூட உதவும் என்றும் சொன்னார். அதற்காகச் சேவ் வீண் என்று எடுக்க வேண்டாம். சேவ் பண்ணிய பிள்ளை திரும்பி வந்து மறுபடி வாசிக்கும், அந்த நேரமும் உங்களுக்குத்தான். ஆனால் புதுப் பிள்ளைகள் வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது ஷேரை.

இனி உங்கள் போஸ்ட். முதல் ஸ்லைடில் வகுப்பின் சின்னமும் 'வணக்கம் மாணவர்களே'யும். இரண்டாவதில் கூட்டு வட்டியின் வரைவிலக்கணம். மூன்றாவது, நான்காவதில் எளிய வட்டியின் மீட்டல். கணக்கு வருவது ஆறாவதில். பத்தாவதில் தொலைபேசி இலக்கமும் வகுப்பு நேரமும். மன்னியுங்கள் டீச்சர், இது வகுப்பறை வரிசை. வகுப்பில் பிள்ளை எழும்பிப் போகாது, உட்கார்ந்திருக்கும். போனில் பெருவிரல் ஒரு நொடியில் போய்விடும்.

இதையே நான் செய்தால் 7 ஸ்லைட். முதல் ஸ்லைடில் பிழையான விடையையே பெரிதாகப் போடுவேன்: '20,000 ரூபாய், 12% கூட்டு வட்டி, 2 வருடம். வட்டி 4,800?' பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளடி. சின்னம் வேண்டாம், வணக்கமும் வேண்டாம். 4,800 என்று எழுதிய பிள்ளை அங்கேயே நிற்கும்.

இரண்டாவது ஸ்லைடில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒருவர் முதல் ஸ்லைட்டைப் பார்த்தும் நகர்த்தாமல் போய்விட்டால், பிறகு அதே போஸ்ட் இரண்டாவது ஸ்லைட்டிலிருந்து அவருக்குக் காட்டப்படலாம். இதையும் மொசேரியே சொல்லியிருக்கிறார். ஆகவே இரண்டாவதும் தனியே ஒரு முதல் ஸ்லைட் மாதிரி நிற்க வேண்டும். 'தொடர்ச்சி' என்றோ வரைவிலக்கணத்தின் பாதியோ அங்கே கிடக்கக்கூடாது. நான் போடுவது: '4,800 என்பது எளிய வட்டி. கூட்டு வட்டியில் இன்னும் 288 ரூபாய் வரும். எங்கிருந்து?' முதலாவதைப் பார்க்காதவருக்கும் இது விளங்கும்.

மூன்றாவதில் முதலாம் வருடம் மட்டும்: 20,000-இன் 12% என்பது 2,400. நான்காவதில் இரண்டாம் வருடம்: இப்போது கடன் 22,400, அதன் 12% என்பது 2,688. இரண்டையும் ஒரே ஸ்லைடில் அடைக்காதீர்கள். பிள்ளை தடுமாறும் இடம் இந்த 22,400-தான், அதற்கு ஒரு முழு ஸ்லைட் தகும். ஐந்தாவதில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: எளிய வட்டி 4,800, கூட்டு வட்டி 5,088. வித்தியாசம் 288. அது முதல் வருட வட்டியான 2,400-க்கு விழுந்த 12%, அதாவது வட்டிக்கு வட்டி. சேவ் பண்ணப்படும் ஸ்லைட் இதுதான், ஆகவே தனியாகப் பார்த்தாலும் விளங்க வேண்டும். ஆறாவதில் ஒரு பயிற்சி: 50,000 ரூபாய், 8%, 2 வருடம். ஏழாவதில் விடை 8,320, அதன் கீழே ஒரே வரி: '8,000 எழுதிய கூட்டாளிக்கு அனுப்பு.' தொலைபேசி இலக்கம் உங்கள் பக்கத்தின் அறிமுகப் பகுதியில் இருக்கட்டும்.

எத்தனை ஸ்லைட் என்று கேட்டால் என்னிடம் மந்திர இலக்கம் கிடையாது. 2017-இல் 10 வரை விட்டார்கள், 2024-இல் 20 ஆக்கினார்கள். 20-க்கு இடம் இருக்கிறது என்பதற்காக 20 போடத் தேவையில்லை. கணக்கின் படிமுறைகளை எண்ணுங்கள், முன்னுக்கு 2, பின்னுக்கு 2 சேருங்கள். ஒரு பிழையைத் திருத்தும் பாடம் 6 முதல் 8 ஸ்லைடுக்குள் முடிந்துவிடும். 12-ஐத் தாண்டினால் அது இரண்டு பாடம், இரண்டு போஸ்டாகப் பிரியுங்கள். ஒரு ஸ்லைடில் 20, 25 சொற்களுக்கு மேல் வேண்டாம். நமது சொற்கள் நீளம், எழுத்தைச் சிறிதாக்கினால் மேசையில் வைத்த போனில் வாசிக்க முடியாது.

அளவு விடயத்தில் எனக்கு உண்மையாகவே எரிச்சல். கணக்குப் பக்கத்தில் போஸ்டுகளைச் சதுரமாகக் காட்டிவந்ததை 2025 ஜனவரியில் நீட்டுவாக்காக மாற்றினார்கள். பழைய சதுர முகப்புகளின் இடதும் வலதும் வெட்டுப்பட்டன, ஓரம் வரை எழுதியிருந்தவர்களின் தலைப்பில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் காணாமல் போயின. நாளைக்கு என்ன மாற்றுவார்களோ! 1080-க்கு 1350 அளவில் செய்து, எழுத்தை ஓரங்களிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள். 7 ஸ்லைட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும், முதலாவதின் அளவுக்கே மற்றவை வெட்டப்படும். இன்னொன்று, போட்ட பிறகு ஒரு ஸ்லைட்டை அழிக்கலாம், ஆனால் அந்த இடத்தில் திருத்திய ஸ்லைட்டை வைக்க முடியாது. 2,688-ஐ 2,668 என்று அடித்துவிட்டால் முழுப் போஸ்டையும் திரும்பப் போட வேண்டிவரும். விடைகளை இன்னொருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவர் என்று உங்கள் ஸ்லைடைப் பார்த்தாலே தெரிகிறது. படத்துக்குள் அது பரவாயில்லை. படத்தின் கீழ் எழுதும் விளக்கத்தை அதிலிருந்து வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் விழும், உங்கள் போஸ்டில் அதுதான் நடந்திருக்கிறது. அதை யுனிகோடில் அடியுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அது விதிவிலக்கே அல்ல. அக்கரைப்பற்றில் இருந்தாலும் வாழைச்சேனையில் இருந்தாலும் பிள்ளைகள் போஸ்டை அனுப்புவதைவிட ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் கூட. பல பிள்ளைகளுக்குச் சொந்தமாக இன்ஸ்டாகிராம் கணக்கே இல்லை, அம்மாவின் போனில் வாட்ஸ்அப் மட்டும். அந்த ஸ்கிரீன்ஷாட் உங்கள் கணக்கில் சேவாகவும் விழாது, ஷேராகவும் விழாது. 60 பேர் அதைப் பார்த்துப் படித்திருந்தாலும் உங்கள் திரையில் பூச்சியம். ஆகவே ஷேர் இல்லை என்பதை வைத்துப் பாடம் பயனற்றது என்று முடிவெடுக்காதீர்கள். வகுப்பில் கேளுங்கள், 'இது எந்தக் குழுவில் வந்தது?' என்று. ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் உங்கள் கணக்கின் பெயரைச் சிறிதாகப் போடுங்கள், ஸ்கிரீன்ஷாட் எங்கே போனாலும் பெயரும் கூடப் போகும். இப்படிப் போகும் ஸ்லைட் பெரும்பாலும் ஐந்தாவதுதான், அதனால்தான் அது தனியே விளங்க வேண்டும் என்றேன்.

பலனைப் பார்க்கும் விதம் இது. போட்டு 7 நாள் கழித்து போஸ்டின் கீழ் View insights என்பதைத் தட்டுங்கள். நீங்கள் அனுப்பியதில் போஸ்ட் சேர்ந்த கணக்குகள் 620, சேவ் 2. நூறு பேருக்கு ஒன்றுகூட இல்லை. புதிய போஸ்டிலும் அதே வகுத்தலைச் சேவுக்கும் ஷேருக்கும் தனித்தனியே செய்து, உங்கள் பழைய போஸ்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். கொழும்பில் இருப்பவரின் இலக்கம் உங்களுக்கு எதற்கு? சேவ் ஏறி ஷேர் ஏறாவிட்டால் முதல் ஸ்லைடின் பிழை பிள்ளைகள் உண்மையில் விடும் பிழை அல்ல. திருத்திய விடைத்தாள் கட்டை எடுத்து, கூடப் பேர் விட்ட பிழை எது என்று எண்ணிப் பாருங்கள். லைக் மட்டும் ஏறினால் பிள்ளைகள் உங்களுக்கு மரியாதைக்குப் போட்டிருக்கிறார்கள்.

அந்த ஆளிடம் 'பார்த்துத் தருகிறேன்' என்ற பேச்சில் கடவுச்சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள், கணக்கில் பதிந்துள்ள மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் இன்னும் உங்களுடையவைதானா என்று பாருங்கள்.