பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கல்லூரிச் செலவு எவ்வளவு?

கேள்வி: என் மகளுக்கு 3 வயது. இன்ஜினீயரிங் படிக்க, ஹாஸ்டலோடு சேர்த்து, 4 வருஷத்துக்கு இப்போது 10 லட்சம் ஆகிறது. 6% பணவீக்கம் போட்டால் 15 வருஷத்தில் 24 லட்சம் வருகிறது. இந்தத் தொகையை இலக்காக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: பெருக்கலில் பிழையில்லை, 6% என்ற விகிதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அது பொதுவான விலைவாசி உயர்வையொட்டிய விகிதம். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு 45.86%, கல்வியின் பங்கு 4.46% மட்டுமே என்பதால், கல்லூரிக் கட்டணம் எவ்வளவு வேகமாக ஏறினாலும் அந்தக் குறியீடு பெரிதாக அசையாது.

ஆகவே, நீங்கள் மனதில் வைத்திருக்கும் கல்லூரியின் பத்தாண்டுக்கு முந்தைய கட்டணத்தை அங்கே படித்தவர்களின் பழைய ரசீதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று ஆண்டுக்கு 70,000 ரூபாயாக இருந்தது இன்று 1,50,000 ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், எக்செல்லில் இப்படிக் கணக்கிடலாம்:

```
=(150000/70000)^(1/10)-1
```

விடை ஏறத்தாழ 8%. கவுன்சிலிங் இடத்தின் பழைய கட்டணத்தை மேனேஜ்மென்ட் இடத்தின் இன்றைய கட்டணத்தோடு ஒப்பிட்டுவிட்டு, 15% வருகிறதே என்று பதறுபவர்களும் உண்டு. இரண்டு ரசீதுகளும் ஒரே வகை இடத்துக்கானவைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டலும் சாப்பாடும் பெரும்பாலும் பொதுவான விலைவாசியோடு ஏறுபவை என்பதால், அவற்றுக்கு 6% போதும். உங்கள் 10 லட்சத்தை ஆண்டுக்கு 1,50,000 கட்டணம், 1,00,000 ஹாஸ்டல் என்று பிரித்தால், 15 ஆண்டுகளுக்குப் பிறகு கட்டணம் 4.76 லட்சமாகவும் ஹாஸ்டல் 2.40 லட்சமாகவும் உயர்ந்து, முதலாண்டுச் செலவு சுமார் 7.16 லட்சம் ஆகிறது. அதோடு ஏற்றம் நின்றுவிடாது. உங்கள் கணக்கு நான்கு ஆண்டுச் செலவையும் 15-ஆம் ஆண்டின் விலையிலேயே நிறுத்திவிட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு முறையே 7.68, 8.24, 8.85 லட்சம் ஆகும். மொத்தம் ஏறத்தாழ 32 லட்சம். சேர்ந்த ஆண்டின் கட்டணமே நான்கு ஆண்டுக்கும் என்று வைத்திருக்கும் கல்லூரியானால் இது சற்றுக் குறையும்.

கட்டணம் மட்டும் 8-க்குப் பதில் 10% ஏறினால் மொத்தம் 39.5 லட்சத்தைத் தொடுகிறது. இரண்டே சதவீதத்துக்கு ஏழரை லட்சம் வித்தியாசம் வருவதால், 32-ஐக் குறைந்தபட்ச இலக்காகவும் 39.5-ஐ மேல்வரம்பாகவும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

ஆண்டுதோறும் சேர்க்கை நேரத்தில் புதிய கட்டணத்தைக் கேட்டு, மீதமுள்ள ஆண்டுகளுக்குக் கணக்கை மறுபடி போடுங்கள். அடுத்த ஆண்டு 1,62,000 ஆக வேண்டிய கட்டணம் 1,70,000 ஆகிவிட்டால், மீதி 14 ஆண்டுகளுக்கு அதே 8% போட்டாலும் முதலாண்டுக் கட்டணம் 4.76 லட்சத்திலிருந்து 4.99 லட்சமாக உயரும். அந்த ஆண்டே மாதச் சேமிப்பையும் அதற்கேற்பக் கூட்டிவிடலாம்.