ஐந்து மொழிக்கும் ‘ஃப்ளூயண்ட்’ என்று போடலாமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ஓசூரில் இருக்கிறேன். பெங்களூருவில் ஓர் ஆன்லைன் விற்பனை நிறுவனத்தில் கஸ்டமர் சப்போர்ட் வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். தமிழ், ஆங்கிலத்தோடு இந்தி, தெலுங்கு, கன்னடத்தில் ஏதாவது இரண்டு தெரிய வேண்டுமாம். வீட்டில் பேசுவது தெலுங்கு, ஆனால் எழுதப் படிக்கத் தெரியாது. தோழிகளோடு கன்னடம் பேசுவேன். இந்தியில் ராஷ்ட்ரபாஷா வரை பாஸ் செய்திருக்கிறேன், பேசிப் பழக்கமில்லை. “எல்லாவற்றுக்கும் ஃப்ளூயண்ட் என்று போடு, ட்ரெய்னிங்கில் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறாள் ஒரு தோழி. அப்படிச் செய்யலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம். ட்ரெய்னிங்கில் பொருளைப் பற்றியும் சாஃப்ட்வேரைப் பற்றியும் சொல்லித் தருவார்கள், போன் காலை எப்படித் தொடங்கி எப்படி முடிப்பது என்றும் பழக்குவார்கள். மொழி சொல்லித் தர அங்கே நேரம் கிடையாது. விண்ணப்பத்தில் எந்த மொழியைப் போடுகிறீர்களோ அந்த மொழிக்கு ஒருவர் உங்களோடு தனியாகப் பேசிப் பார்ப்பார். அதில் எப்படியோ தேறிவிட்டால் இன்னும் சிக்கல், ஏனென்றால் உங்கள் லாகினை இந்தி க்யூவில் சேர்த்துவிடுவார்கள். அதன் பிறகு கால் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால், இந்தியைக் கூட்டிச் சொல்லவும் தெலுங்கைக் குறைத்துச் சொல்லவும் நீங்கள் தயாராக இருப்பதுபோல் தெரிகிறது. சான்றிதழ் இருப்பதால் இந்தி பெரிதாகவும், எழுத்து தெரியாததால் தெலுங்கு சிறிதாகவும் படுகிறது. இந்த வேலையில் கணக்கு கிட்டத்தட்ட தலைகீழ். பேச்சு, கேட்டுப் புரிந்துகொள்வது, வாசிப்பு, எழுத்து நான்கும் தனித்தனித் திறமைகள். வாய்ஸ் ப்ராசஸுக்கு முதல் இரண்டும் வேண்டும், சாட்டுக்கும் இமெயிலுக்கும் அடுத்த இரண்டும் வேண்டும். அதனால் ஒரு மொழிக்கு ஒரே ஒரு வார்த்தை போடுவதிலேயே பாதிப் பொய் வந்துவிடுகிறது.

இந்தியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் எழுதிய தேர்வுகளால் பாடம் படிக்கவும் கடிதம் எழுதவும் வந்திருக்கும். ஆனால் போனில் ஒரு வாடிக்கையாளர், பின்னால் டி.வி. ஓட, கோபத்தில் வேகமாகப் பேசும்போது முதலில் சறுக்குவது எண்களில்தான். இந்தியில் நூறு வரை எண்கள் தமிழைப்போல ஒழுங்காக அடுக்கி வருவதில்லை, ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். ‘உன்ஹத்தர்’ என்றால் 69, ‘உன்யாசி’ என்றால் 79, ‘நவாசி’ என்றால் 89. பணத்தொகை இன்னும் மோசம். ‘டேட் சௌ’ 150, ‘டாயீ சௌ’ 250, ‘சாடே தீன் சௌ’ 350. “டாயீ ஹஜார் கட்டாகிவிட்டது” என்று அவர் சொல்கிறார். நீங்கள் 2,000 என்று புகார்ப் பதிவான டிக்கெட்டில் ஏற்றிவிட்டால் 500 ரூபாய் குறைவாக ரீஃபண்டுக்குப் போகும். அவர் மறுபடி அழைப்பார், இந்த முறை இன்னும் கோபமாக. அந்த 500 ரூபாய்க்காக அவர் செலவழிக்கும் ஒரு வாரத்தை நினைத்துப் பார்த்தால், ‘ஃப்ளூயண்ட்’ என்ற வார்த்தையை யாருக்காக யோசித்துப் போட வேண்டும் என்பது தெரியும்.

தெலுங்குக்கு வருவோம். வீட்டில் பிறந்ததிலிருந்து பேசும் மொழி, போனில் பேசத் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். வீட்டில் ‘நுவ்வு’ என்றே பேசிப் பழகியிருப்பீர்கள். வாடிக்கையாளரிடம் ‘மீரு’ என்றும், வாக்கிய முடிவில் ‘அண்டி’ சேர்த்தும் பேச வேண்டும், அது தானாக வருகிறதா என்று பாருங்கள். அப்புறம், ஓசூர்த் தெலுங்கில் தமிழ்ச் சொற்கள் நிறையக் கலந்திருக்கும். தெலங்கானாக்காரர் பேச்சு வேறு மாதிரி ஓடும். இவை கேட்டுக் கேட்டுச் சரியாகக்கூடியவை, உங்கள் தெலுங்கை ‘பேசிக்’ என்று எழுத இது காரணமே இல்லை. வாசிப்பும் எழுத்தும் இல்லை என்பதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். சாட்டில் பலர் தெலுங்கை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், அதை உங்களால் படிக்க முடியும் என்றால் அதையும் எழுதலாம்.

எனக்குச் சந்தேகம் இருப்பது கன்னடத்தில்தான். தோழிகளோடு பேசும்போது தடுமாறினால் தமிழுக்குத் தாவலாம், அவர்களுக்கும் புரியும். ஹுப்பள்ளியிலிருந்தோ கலபுரகியிலிருந்தோ அழைப்பவரிடம் அது முடியாது, அந்தப் பக்கத்துக் கன்னடமும் ஓசூர்க் கன்னடம்போல் இருக்காது. இங்கேயும் ‘நீனு’வை விட்டு ‘நீவு’வுக்கு மாற வேண்டும்.

ஆகவே விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட, தமிழ் தெரியாத ஒருவரை உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். நேரில் வேண்டாம், முகத்தைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். அவர் ஒரு புகாரைச் சொல்லட்டும்: ஆர்டர் எண், தொகை, எந்தத் தேதியில் வந்தது, என்ன உடைந்திருந்தது, பணம் வேண்டுமா, மாற்றுப் பொருள் வேண்டுமா. நீங்கள் கன்னடத்திலேயே கேள்வி கேட்டுக்கொண்டு, கூடவே ஆங்கிலத்தில் குறிப்பு எழுத வேண்டும். வேலையில் டிக்கெட் குறிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், அதனால் உங்கள் ஆங்கில எழுத்தையும் இதிலேயே பார்த்துவிடலாம். முடிந்ததும் குறிப்பை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எண்ணும் தேதியும் சரியாக இருந்து, ஒன்றிரண்டு முறைக்கு மேல் “மறுபடி சொல்லுங்கள்” என்று கேட்காமல் இருந்தால், வாய்ஸுக்குத் துணிந்து போடலாம். இதையே இந்தியிலும் தெலுங்கிலும் செய்து பாருங்கள்.

கன்னடம் தேறிவிட்டது என்று வைத்துக்கொண்டு எழுதிக் காட்டுகிறேன், இதே பொருளில் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்:

தெலுங்கு – வீட்டு மொழி. போனில் சரளமாகப் பேசுவேன். தெலுங்கு எழுத்தைப் படிக்க, எழுதத் தெரியாது.
கன்னடம் – போனில் புகார் கேட்டுப் பதில் சொல்ல முடியும். எழுதப் படிக்கத் தெரியாது.
இந்தி – வாசிப்பு, எழுத்து உண்டு (ராஷ்ட்ரபாஷா தேர்ச்சி). பேச்சு ஆரம்ப நிலை.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இதே மாதிரி எழுதுங்கள். தமிழில் டைப் செய்யும் வேகம் உண்டா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழ் பேசும் பலருக்கு அது வராது. கவனித்தீர்களா, அவர்கள் கேட்ட ‘ஏதாவது இரண்டு’ தெலுங்கிலும் கன்னடத்திலுமே நிறைந்துவிட்டது. இந்தியைப் பற்றி உண்மையைச் சொல்வதால் உங்களுக்கு நஷ்டமே இல்லை.

சில விண்ணப்பப் படிவங்களில் மொழிக்கு ஒரே ஒரு பெட்டிதான் இருக்கும்: நேட்டிவ், ஃப்ளூயண்ட், கான்வர்சேஷனல், பேசிக். வேலை வாய்ஸ் என்றால் பேச்சை வைத்துத் தேர்ந்தெடுங்கள், விவரத்தை ரெஸ்யூமேயில் வையுங்கள். தெலுங்குக்கு ஃப்ளூயண்ட், கன்னடத்துக்குக் கான்வர்சேஷனல், இந்திக்கு பேசிக். ஏ1 முதல் சி2 வரை கேட்டால் அது ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட ஆறு படி அளவுகோல். அதில் நான்காம் படியான பி2, இரு பக்கமும் சிரமப்படாமல் பேச்சு ஓடும் நிலை. போன் வேலைக்கு அதற்குக் கீழே இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்டர்வியூவில் “இந்தியும் கொஞ்சம் சமாளிப்பீர்களா?” என்று கட்டாயம் கேட்பார்கள். “இமெயில் பார்த்துத் தருகிறேன், கால் எடுக்க இன்னும் பழக வேண்டும்” என்று சொல்லுங்கள். வேலை கிடைத்தால், கையெழுத்துப் போடும் முன் எந்தெந்த மொழி க்யூவில் போடுகிறார்கள், மொழிக்கென்று தனி அலவன்ஸ் உண்டா என்று மெயிலில் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு ஆள் குறைகிற நாளில் இந்தி க்யூவைத் தள்ளிவிட்டால் காட்டுவதற்கு அந்த மெயில் கையில் இருக்கும்.