கதையில் வரும் காய்ச்சல்: சந்தேகம் எங்கிருந்து தொடங்கும்?

கேள்வி: கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் ஒருத்தி, ஊரில் வரிசையாகக் காய்ச்சல் வருவதைக் கவனித்து எச்சரிக்கை எழுப்புவதாக ஒரு சிறுகதை எழுதுகிறேன். அவளுக்கு எப்படிச் சந்தேகம் வரும், மேலே என்ன சொல்வாள்? மருத்துவர் யாராவது படித்தால் சிரித்துவிடக் கூடாது.

பதில்: நோயின் பெயரை அவள் வாயால் சொல்ல வைக்காதீர்கள். காய்ச்சலைப் பார்த்த மாத்திரத்தில் "இது இன்ன நோய்" என்று கண்டுபிடிக்கும் பாத்திரத்தைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் சிரிப்பார்கள். வழக்கத்தைவிட அதிகம் பேர் படுத்திருக்கிறார்கள், அவர்களுக்குள் ஏதோ ஒரு தொடர்பு தெரிகிறது என்ற அளவுக்கு அவள் கண்டால் போதும். எச்சரிக்கைக்கு அதற்கு மேல் தேவையில்லை.

நான் எழுதினால் எலிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வேன். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ கிருமி உள்ளே போகும். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்தே காய்ச்சல் வரும் என்பதால், காரணமான நாளை எல்லோரும் மறந்திருப்பார்கள். கதைக்கு அந்த மறதி நல்லது.

184 பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் வடிந்த பிறகு, 3ஆம் தேதி 14 பேர் இறங்கி வாய்க்காலைத் தூர்வாருகிறார்கள். 10ஆம் தேதி ஒருவருக்குக் காய்ச்சல். 15ஆம் தேதி மாலை அவள் நோட்டில் எட்டுப் பெயர்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு காய்ச்சலே வழக்கமாகப் பார்க்கிற ஊர் அது.

இங்கே அவளுடைய திறமை அவள் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. வைத்தியம் பார்க்கப் போன நாளை விட்டுவிட்டு, காய்ச்சல் தொடங்கிய நாளைக் கேட்பாள். "நாலஞ்சு நாளா இருக்கு" என்று மழுப்பினால், "வேலைக்குப் போகாம படுத்தது என்னைக்கு?" என்று பிடிப்பாள். பெயர், வயது, வீடு, தொடங்கிய நாள், அறிகுறி, முந்தைய இரண்டு வாரத்தில் எங்கே என்ன வேலை: ஆளுக்கு ஒரு வரி. அப்படி எழுதி வைத்துப் பார்த்தால் 10, 11, 11, 12, 13, 15 என்று ஆறு பேர் நெருக்கமாக விழுகிறார்கள். ஆறு பேருக்கும் கெண்டைக்கால் வலி தாங்கவில்லை. கண் சிவந்திருக்கிறது, ஆனால் பீளை இல்லை. ஆறு பேரும் வாய்க்காலில் இறங்கியவர்கள்.

அடுத்து அவள் செய்ய வேண்டியதைத்தான் கதாசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். நோய் வராதவர்களையும் எண்ண வேண்டும். இறங்கிய 14 பேரில் 6 பேருக்குக் காய்ச்சல். இறங்காத 170 பேரில் 2 பேருக்கு மட்டும். குழந்தைகள் ஒருவருக்கும் இல்லை. குடிநீர்தான் காரணம் என்றால் அதே நீரைக் குடிக்கும் பிள்ளைகளும் படுத்திருக்க வேண்டும். இது எதையும் நிரூபிக்காது. எங்கே தேட வேண்டும் என்று காட்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கே மேலே சொல்லிவிட வேண்டும். 7-1-7 என்று ஓர் இலக்கு உண்டு: 7 நாளில் கண்டுபிடிப்பது, 1 நாளில் தெரிவிப்பது, 7 நாளில் முதற்கட்ட நடவடிக்கைகளை முடிப்பது. தொலைபேசியில் அவள் பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: "ஒரு வாரத்துல எட்டுக் காய்ச்சல் சார். அதுல ஆறு பேரு ஒரே வாய்க்கால்ல வேலை செஞ்சவங்க. ஒருத்தருக்குக் கண் மஞ்சளாயிருக்கு, சிறுநீர் குறைஞ்சிருக்கு, இப்பவே அனுப்பறேன்." மறுமுனையில் "மழைக்காலக் காய்ச்சல்தானே" என்பார்கள். அது கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, பல சமயம் அது உண்மையும்கூட. அதனால் அதிகாரியை வில்லனாக்காமல், 14க்கு 6 என்ற கணக்கை மட்டும் அவள் திரும்பச் சொல்லட்டும்.

நீங்கள் திருப்பம் தேடினால் அது பரிசோதனையில் கிடைக்கும். முதல் சில நாட்களில் எடுத்த ரத்தத்தில், கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள் தென்படாது. ஒரு வாரம் போல ஆக வேண்டும். ஆகவே முதல் முடிவு 'இல்லை' என்று வரலாம். அந்த 'இல்லை'யைப் பார்த்து ஊரே அவளைக் கேலி செய்யலாம். விவரமான மருத்துவர் முடிவுக்குக் காத்திருக்க மாட்டார். சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் அல்லது பெனிசிலினைத் தொடங்கிவிடுவார், இரண்டாவது முறை ரத்தம் எடுக்கவும் சொல்வார்.

அப்புறம், வாய்க்காலில் இறங்காத அந்த இரண்டு பேர். அவர்களைக் கதையிலிருந்து நீக்கிவிடாதீர்கள். ஒருவருக்கு வெறும் சளிக் காய்ச்சலாக இருக்கட்டும். நிஜப் பட்டியலில் அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். இன்னொருத்தி, தூர்வாரியவர்களின் சேற்றுத் துணியை அதே வாய்க்காலில் நின்று துவைத்தவள். யாரும் அதை ஒரு வேலையாக எண்ணாததால் முதல் முறை கேட்டபோது அவளே சொல்லியிருக்க மாட்டாள்.