திருத்த மனு நிலுவை: கோப்பில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்கலாமா?

கேள்வி: வங்கி பிடித்த டிடிஎஸ் ரூ.38,400 என் கணக்கில் சேரவில்லை. வருமான வரி வார்டு அலுவலகத்தில் 12.3.2025 அன்று திருத்த மனு கொடுத்தேன். போனால் 'பார்க்கிறோம்' என்கிறார்கள். ஆர்.டி.ஐ. போட்டால் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியுமா?

பதில்: தெரியும். ஆனால் 'ஏன் தாமதம்?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கையில் உள்ள பதிவைத் தருவதுதான் தகவல் அலுவலரின் கடமை, காரணம் விளக்குவது அல்ல. அந்த ஒரு வரியைக் காட்டியே பலருடைய மனுக்களைத் தட்டிக் கழித்துவிடுகிறார்கள். ஆவணத்தைக் கேளுங்கள், காரணம் அதில் தானாகவே தெரியும். இப்படி எழுதலாம்:

'12.3.2025 தேதியிட்ட என் திருத்த மனு மீது பெறப்பட்ட நாள் முதல் இன்றுவரை எடுக்கப்பட்ட நடவடிக்கைகளைத் தேதிவாரியாகவும், மனு எந்தப் பதவியிலுள்ள அலுவலரிடம் எத்தனை நாள் இருந்தது என்பதையும் தெரிவிக்கவும். அது தொடர்பான குறிப்புத் தாள்கள், கடிதங்கள், துறையின் கணினி அமைப்பில் உள்ள பதிவுகள் ஆகியவற்றின் நகல் தரவும். கோப்பை நேரில் பார்வையிட அனுமதிக்கவும்.'

கணினிப் பதிவு என்ற சொல் முக்கியம். இப்போது பெரும்பாலான வேலை கணினியில்தான் நடக்கிறது. 'கோப்புக் குறிப்பு' என்று மட்டும் கேட்டால், காகிதக் கோப்பு இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும்.

கட்டணம் பத்து ரூபாய். rtionline.gov.in தளத்தில் செலுத்தலாம், தபாலில் அனுப்பினால் போஸ்டல் ஆர்டர் இணைக்கலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பார்வையிட முதல் மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய். மனுவை 500 சொற்களுக்குள் முடியுங்கள். பான் அட்டை நகலில் கையெழுத்திட்டு, மனு கொடுத்ததற்கான ஒப்புகையோடு இணையுங்கள். நீங்கள்தான் மனுதாரர் என்பது தெளிவாக இல்லாவிட்டால், 'மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல்' என்று ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சொல்லி மறுக்க இடம் கிடைத்துவிடும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும் அரைகுறையாக வந்தாலும் அடுத்த 30 நாளுக்குள், அதே துறையின் மேல் அதிகாரியான முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. பதிலைக் கெடு தாண்டித் தந்தால் நகலுக்குப் பணம் வாங்கக் கூடாது. அதே சட்டத்தின் 7(6) பிரிவைக் குறிப்பிட்டே கேளுங்கள்.

ஆர்.டி.ஐ. உங்கள் மனுவுக்கு உத்தரவு போட வைக்காது. ஆனால் வருமான வரிச் சட்டம் 1961-இன் 154(8) பிரிவுப்படி, மனு வந்த மாத முடிவிலிருந்து ஆறு மாதத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு 30.9.2025. கிடைக்கும் குறிப்புத் தாளில் அந்தத் தேதிவரை ஒரு பதிவும் இல்லையென்றால், அந்தப் பக்கத்தை இணைத்து அந்த வார்டுக்கு மேலுள்ள கூடுதல் ஆணையருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.