பட்டுப்புடவையும் பழைய சரக்கும்

கேள்வி: ராயபுரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மேலாளராக இருக்கிறேன். இந்த மாதம் ஆறு ஆர்ட்டிகிள் மாணவர்கள் சேருகிறார்கள். ரகசியம் காப்பது, அன்பளிப்பு, நலன் முரண்பாடு பற்றி அவர்களிடம் முக்கால் மணி நேரம் பேசும்படி ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளர் கொடுக்கும் காபியைக்கூடத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதல் நாள் பதினொரு மணிக்கே கடைப்பையன் டீ கொண்டுவந்து வைப்பான், அவர்களும் குடிப்பார்கள். அந்த விதி அங்கேயே உடைந்துவிட்டால், நீங்கள் சொன்ன மற்றவற்றையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். விதிகளுக்குப் பதிலாக ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். என் பொறுப்பில் நடந்த ஒன்றைத் தருகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபார நிறுவனம். சரக்கிருப்பைச் சரிபார்க்க இரண்டாமாண்டு மாணவன் ஒருவனை அனுப்பினேன். மாடிக் கிடங்கில் மூன்று தீபாவளி பார்த்த 38 பொதிகள் கிடந்தன. அவற்றின் அடக்க விலை சுமார் 6 லட்சம், கணக்கிலும் அதையே காட்டியிருந்தார்கள். அடக்க விலை, விற்றால் கையில் வரக்கூடிய தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் காட்ட வேண்டும். அந்தப் பொதிகளை விற்றிருந்தால் இரண்டரை லட்சம்கூடத் தேறியிருக்காது. ஆக, லாபம் குறைந்தது மூன்றரை லட்சம் கூடுதலாகத் தெரிந்தது.

மாணவன் இதைக் கவனித்திருந்தான். எண்ணிக்கைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் ‘பழசு’ என்று எழுதியும் வைத்திருந்தான். மறுநாள் மாலை முதலாளி ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்து, “அம்மாவுக்குக் கொடு தம்பி” என்றார். சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எனக்கு வந்த தணிக்கைக் குறிப்பில் அந்தப் பொதிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பென்சில் குறியைப் பார்த்து நான் கேட்டபோதுதான் புடவை விஷயம் வெளியே வந்தது. அவன் எதையும் மறைக்கத் திட்டமிடவில்லை. அன்பாகக் கொடுத்தவரின் கணக்கில் குறை எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இப்படித்தான். கவர் வாங்கி அல்ல.

பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் நெறிமுறைக் கோவை இதில் இரண்டு கேள்விகள் கேட்கிறது. நம் முடிவை வளைக்கும் எண்ணம் அதில் தெரிகிறதா? தெரிந்தால் டீயும் கூடாது. அப்படி எண்ணம் இல்லையென்றாலும், தணிக்கை வாடிக்கையாளரிடமிருந்து வருவது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு அற்பமானதா? ‘அற்பம்’ எத்தனை ரூபாய் என்று கோவை சொல்வதில்லை. ஆகவே உங்கள் அலுவலகம் ஒரு தொகையை எழுத்தில் முடிவு செய்யட்டும். ரொக்கமும் தங்கக் காசும் பரிசு அட்டையும் எந்த மதிப்பிலும் வேண்டாம். இந்தப் பகுதியில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: “ஆடிட்டர் பையன்தானே, அடக்க விலைக்கே போடு” என்பதும் அன்பளிப்புதான்.

மறுப்பதும் கலைதான். பண்டிகை நேரத்தில் புடவையைத் திருப்பிக் கொடுப்பது இருபது வயதுப் பையனுக்கு எளிதல்ல. “ஆடிட்டரைக் கேட்காமல் வாங்கினால் எனக்குத் திட்டு விழும், ஐயா” என்ற வாக்கியத்தை அவர்களுக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள். மீறியும் கையில் திணித்துவிட்டால் அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும். எங்கள் ஆடிட்டர் தானே தொலைபேசியில் பேசிப் புடவையைத் திருப்பி அனுப்பினார், கோப்பில் குறிப்பு எழுதினார், சரக்கிருப்பை வேறொருவரைக் கொண்டு மீண்டும் பார்க்க வைத்தார். இந்த மூன்றாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

நலன் முரண்பாட்டுக்கு உரை தேவையில்லை, ஒரு படிவம் போதும். வாடிக்கையாளர் பட்டியலைக் கையில் கொடுத்து, இவர்களில் யாரிடமாவது உங்கள் வீட்டார் வேலை செய்கிறார்களா, கடன் கொடுக்கல் வாங்கல் உண்டா, பங்கு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கம்பெனிகள் சட்டம் தரும் ‘உறவினர்’ பட்டியலில் சித்தப்பா இல்லை. ஆனாலும் சித்தப்பா எழுதிய பேரேட்டை மகன் முறையுள்ளவன் சரிபார்க்கக் கூடாது. வேறு கடைக்கு அனுப்புங்கள். அப்பாவின் டீமேட் கணக்கைப் பல வீடுகளில் மகன்தான் கைபேசியில் இயக்குகிறான் என்பதையும் நினைவில் வையுங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் வெளிவராத முடிவு தெரிந்த நிலையில் அதன் பங்கை வாங்கினாலோ விற்றாலோ, செபியின் 2015 ஆம் ஆண்டு உள்வர்த்தகத் தடை விதிகள் பாயும்.

ரகசியத்தில் நம் பகுதிக்கென்றே ஒரு சங்கடம் உண்டு: அடுத்தடுத்த கடைகள் இரண்டும் நம் வாடிக்கையாளர்களாக இருக்கும். “பக்கத்துக் கடையில் எவ்வளவு ஓடுகிறது?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். “பரவாயில்லை, நன்றாகத்தான் போகிறது” என்பதும் பதில்தான். அதையும் சொல்லக் கூடாது. வாடிக்கையாளரின் சம்மதமோ சட்டத்தின் கட்டாயமோ இல்லாமல் வெளியே சொல்வது, 1949 ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஆடிட்டரின் தொழில்முறைத் தவறு. வாய் மாணவனுடையதாக இருந்தாலும் விளக்கம் கேட்கப்படுவது அவரிடம்தான். சந்தேகம் கேட்பதற்காக இருப்புப் பதிவேட்டைப் படமெடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் இதில் அடங்கும். அந்தச் சந்தேகத்தை உங்களிடமே கேட்கச் சொல்லுங்கள், கேட்டால் எரிச்சல்படாதீர்கள்.