டிரெய்னிக்கு மாதம் 11,000, டெக்னீஷியனுக்கு நாளுக்கு 750: எதில் கையில் நிற்கும்?

கேள்வி: விருதுநகரில் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் முடித்திருக்கிறேன், வயது 21. உள்ளூர் சோலார் கம்பெனியில் ஒரு வருட டிரெய்னியாகக் கூப்பிடுகிறார்கள், மாதம் 11,000. தூத்துக்குடி பக்கம் ஒரு சோலார் பண்ணை வேலைக்கு, டெக்னீஷியன் என்று சொல்லி, கான்ட்ராக்டர் நாளுக்கு 750 தருகிறார். பைக் தவணை 3,200 இருக்கிறது. எதற்குப் போகட்டும்?

பதில்: தம்பி, மாதக் கணக்கை விட்டுவிட்டு வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 750 வீதம் 26 நாளுக்கு 19,500. வெளியூரில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் 6,500 போனால் கையில் 13,000. வீட்டில் இருந்தபடி டிரெய்னியாகப் போனால், பெட்ரோல், டீ செலவு 2,500 கழித்து 8,500, வருடத்துக்கு 1,02,000. பண்ணையில் இந்தத் தொகை சேர ஏறக்குறைய எட்டு மாதம் விடாமல் வேலை இருக்க வேண்டும். ஆனால் பேனல் மாட்டி முடிந்ததும் கான்ட்ராக்ட் ஆட்களை அனுப்பிவிடுவது வழக்கம். அடுத்த சைட் கிடைக்கும்வரை சம்பளம் கிடையாது, தவணை மட்டும் நிற்காது.

அப்புறம், பதவியின் பெயரை நம்பாதீர்கள். டெக்னீஷியன் என்று சேர்த்துக்கொண்டு, நாள் முழுக்க பேனல் தூக்கவும் போல்ட் முறுக்கவும் விடுகிற சைட்கள் உண்டு. திறன் இருப்பது பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் உள்ள டி.சி. மின்சாரப் பக்கத்தில். ஒரு வீட்டு மாடியில் 540 வாட் பேனல் ஆறை வரிசையாக இணைக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 49 வோல்ட். ஆறுக்கும் 294 அளவில் வர வேண்டும். இன்வெர்ட்டரில் செருகும் முன் மல்ட்டிமீட்டரில் 245 காட்டினால், ஒரு பேனல் கணக்கில் சேரவில்லை. எண்ணுக்கு முன்னால் மைனஸ் வந்தால் முனை மாறியிருக்கிறது. பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைச் சரியாக அழுத்திக் கிரிம்ப் செய்யாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதத்தில் சூடேறி உருகும், தீயே பிடிக்கலாம். இதைச் செய்து, சோதித்து, எர்த்திங் அளந்து, இன்வெர்ட்டரை ஓடவிட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்தான் சம்பளம் பேசி வாங்க முடியும்.

அதனால் என் யோசனை டிரெய்னி வேலைதான். ஆனால் சேரும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். அரசின் அப்ரண்டிஸ் திட்டத்தில் பதிவு செய்வார்களா? செய்தால் உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500 வரை, அரசே ஏற்கிறது. உங்களுக்குச் சான்றிதழும் கிடைக்கும். கிரிம்பிங்கும் அளவெடுப்பும் எந்த மாதத்தில் கையில் கொடுப்பார்கள்? மூன்று மாதம் ஆகியும் பேனல் மட்டுமே தூக்குகிறீர்கள் என்றால் அது பயிற்சியே இல்லை, வெளியே வந்துவிடுங்கள். வந்தால் அரசின் சூர்யமித்ரா சோலார் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள்: கட்டணம் இல்லை. இதையே சொல்லித்தர ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் இடங்களுக்குப் போக வேண்டாம்.

கான்ட்ராக்டர் பத்து மாத வேலையை எழுத்தில் தருகிறார், டி.சி. வேலையும் தருகிறார் என்றால், சரி, போகலாம். முதல் சம்பளத்திலேயே மூன்று தவணைக்கான 9,600 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள்.